சாப்பிட்டது ஆப்பிள், அரிக்க வைத்தது மகரந்தம்

ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கும் என் அத்தை மகனுக்கு இரண்டு சாமான்கள் சேராது. ஒன்று பால். பெரிய டம்ளரில் குடித்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு உப்பி, கடமுடவென்று உருளும். கல்லூரி நாளிலிருந்தே அப்படித்தான். இன்னொன்று ஆப்பிள். இது ஊரில் இருந்தவரை இல்லை. அங்கே போய் ஐந்தாறு வருடம் கழித்து ஆரம்பித்தது. கடித்த இரண்டாவது நிமிடம் உதடும் அண்ணமும் நமநமவென்று அரிக்கும். சில நாள் காதுக்குள்ளும் அரிக்கும். அரை மணியில் தானாக அடங்கிவிடும்.

“எல்லாம் மெழுகு மாப்ளே. பளபளன்னு இருக்கணும்னு பூசி விக்கிறான்” என்பான் போனில். அவனிடம் சாட்சியும் இருந்தது. தோலைச் சீவிச் சாப்பிட்டால் அரிப்பு குறைகிறது. ஆப்பிளை வேகவைத்துச் செய்த கேக்கில் தொந்தரவே இல்லை. சூட்டில் மெழுகு உருகிப் போயிருக்குமாம்.

பாலையும் ஆப்பிளையும் அவன் ஒரே கணக்கில் வைத்தான். குற்றம் அவன்மேல் இல்லை. ‘சேராது’, ‘ஒத்துக்காது’, ‘ஆகாது’ என்று நாம் சொல்வதில் உடம்புக்குள் நடக்கும் இரண்டு வேறு சமாச்சாரங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

பால் விஷயம் எளிது. பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. 200 மில்லியில் ஏறக்குறைய 10 கிராம். அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி, குழந்தைப் பருவம் தாண்டியதும் பலருக்குக் குறைந்துபோகும். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போக, அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைக்கின்றன. காற்றும் பேதியும் அந்த நொதித்தலின் விளைவு. இதுதான் ஒவ்வாமை அல்லாத சகிப்பின்மை. இங்கே அளவுதான் முக்கியம். காபிக்கு ஊற்றும் பால் ஒன்றும் செய்யாது. சாப்பாட்டோடு சின்ன டம்ளர் பால் பலருக்குத் தாங்கும். தயிர் இன்னும் எளிது, அதிலுள்ள நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. அவஸ்தை உண்டு, உயிருக்கு ஆபத்து இல்லை.

அலர்ஜியில் சண்டைக்கு வருவது நம் நோய் எதிர்ப்பு மண்டலம். உணவிலுள்ள ஒரு புரதத்தை எதிரி என்று தவறாகக் குறித்துக்கொண்டு, அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அந்த எதிர்ப்பொருள் தோல், வாய், மூக்கு, குடல் எங்கும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மறுபடி அதே புரதம் வந்து பட்டதும் அந்த செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். சில நிமிடங்களில் அரிப்பும் வீக்கமும் தொடங்கும். நிஜமான பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு ஒரு ஸ்பூன் பாலே அதிகம். தயிராக்கிக் கொடுத்தாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே பிரச்சினை சர்க்கரை அல்ல, புரதம்.

அப்படியானால் ஆப்பிள் எந்தப் பக்கம்? தொந்தரவு லேசு, வேகவைத்தால் ஒன்றுமில்லை. சகிப்பின்மை போலத்தான் தோன்றும். ஆனால் இது அசல் அலர்ஜி. மூலம் மட்டும் ஆப்பிளில் இல்லை, பிர்ச் மரத்தில் இருக்கிறது.

ஸ்வீடனில் ஏப்ரல், மே மாதங்களில் பிர்ச் மரங்கள் பூத்து, கார் கண்ணாடியில் மஞ்சள் பொடியாகப் படியும் அளவுக்கு மகரந்தத்தைக் காற்றில் விடும். (நம் சமவெளிக்கு இந்த மரம் அந்நியம். இமயமலையில் இதன் உறவு மரம் உண்டு. பழைய வடநாட்டுச் சுவடிகளை எழுதிய பூர்ஜ பட்டை அதனுடையதுதான்.) என் அத்தை மகனுக்கும் அந்த இரண்டு மாதம் மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். குளிர் போகும்போது வரும் சளி என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த மகரந்தத்தில் அலர்ஜியைக் கிளப்பும் முக்கியப் புரதத்துக்கு பெட் வி 1 என்று பெயர். அதன் மரபணுவை 1989-ல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் பிரித்துப் படித்தபோது, அது பட்டாணிச் செடி நோயை எதிர்க்கப் பயன்படுத்தும் மரபணு ஒன்றைப் போலவே இருந்தது. இது பிர்ச்சின் தனிச்சொத்து அல்ல, செடிகொடிகளிடையே பரவலான ஒரு புரதக் குடும்பம் என்பது அதில் தெரிந்தது. ஆப்பிள், செர்ரி, பேரிக்காய், பீச், கேரட், ஹேஸல்நட் எல்லாவற்றிலும் இதன் பங்காளிகள் உண்டு. சில வசந்த காலங்கள் மகரந்தத்தைச் சுவாசித்த பிறகு உடம்பு ஐஜிஇ தயாரிக்கிறது. அந்த ஐஜிஇ ஆப்பிளில் உள்ள பங்காளியையும் பிர்ச் என்றே நினைத்துப் பாய்கிறது. ஐந்தாறு வருடத் தாமதம் இதனால்தான்.

மெழுகுக் கதையும் இங்கே முடிகிறது. ஆப்பிளில் இந்தப் புரதம் சதையைவிடத் தோலில் அதிகம். சீவினால் குறைவது அதனால். சூடு பட்டால் புரதத்தின் மடிப்புக் குலைந்துபோகும், ஐஜிஇ-க்கு அடையாளம் தெரியாது. வயிற்று அமிலமும் செரிமான நொதியும் அதையே செய்வதால் தொந்தரவு பெரும்பாலும் வாயோடு நிற்கிறது. ஆப்பிளிலும் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு: கோல்டன் டெலிஷியஸ் பலரை அரிக்க வைக்கும், சான்டானா குறைவு.

வாய் அரிப்பதெல்லாம் அலர்ஜி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியாக வேகாத, புளி சேராத கருணைக்கிழங்கு யார் வாயையும் அரிக்கும். அது கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் குத்துவது.

அத்தை மகன் கதைக்கு வருகிறேன். பால் சேரவில்லை என்று ஒரு மே மாதம் சோயாவுக்கு மாறினான். ஜிம்மில் ஓடி முடித்து, வெறும் வயிற்றில் சோயாப் புரதப் பொடி கலந்த சோயா பால் அரை லிட்டர். கால் மணி நேரத்தில் கண் இமை வீங்கி, தொண்டை இறுகி, ஆம்புலன்ஸில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சோயாவிலும் அதே குடும்பப் புரதம் இருக்கிறது. லேசாகப் பதப்படுத்திய பானங்களில் அது முழுதாகக் குலைவதில்லை. மடமடவென்று நிறையக் குடித்தால் வயிறு உடைத்து முடிப்பதற்குள் உடம்பில் ஏறிவிடும். உடற்பயிற்சி அதை இன்னும் முடுக்கும். மகரந்தக் காலம் வேறு. சகிப்பின்மைக்கு மருந்து தேடி அலர்ஜியைக் குடித்திருக்கிறான்.

பிறகுதான் பரிசோதனை. ஆப்பிளைக் குத்திய ஊசியாலேயே அவன் முன்கையைக் குத்தினார் டாக்டர். பரிசோதனைக்கென்று புட்டியில் வரும் ஆப்பிள் சாற்றில் இந்தப் புரதம் கெட்டுப்போயிருக்கும் என்பதால் பச்சைப் பழமே நம்பகம். 15 நிமிடத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் ஐஜிஇ இருக்கிறது என்று பொருள். பிர்ச், ஆப்பிள், சோயா மூன்றும் தடித்தன. பால் குத்திய இடம் சும்மா இருந்தது.

பிர்ச்சுக்கு ஊசி மருந்து உண்டு. அதில் மூக்கு தேறினாலும் ஆப்பிள் அரிப்பு எல்லோருக்கும் போவதில்லை. அவன் இப்போது ஆப்பிளை வேகவைத்துத்தான் சாப்பிடுகிறான், சோயா பக்கம் போவதில்லை, தயிர் தாராளமாக.

வேர்க்கடலையிலும் மற்ற கொட்டைகளிலும் சூட்டுக்கும் வயிற்று அமிலத்துக்கும் அசையாத வேறு புரதங்கள் உண்டு. அவற்றால் வாய் அரித்தால் “லேசுதானே” என்று விட வேண்டாம். தொண்டை இறுகல், மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. பழத்தால் வாய் அரிக்கிறதென்று டாக்டரிடம் போனால், எந்த மாதத்தில் மூக்கு ஒழுகும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.