கொல்லை யார் பேரில்?

வளைகுடாவில் ஐந்தாறு வருஷம் உழைத்துக் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கச்சிராயபாளையத்துக்காரரின் மனசு போவது கோமுகி அணைப் பக்கம், கிணற்றோடு இரண்டு ஏக்கர் கொல்லைக்குத்தான். கரும்பு போட்டால் உள்ளூரிலேயே சர்க்கரை ஆலை இருக்கிறது. தரகரும் அதைத்தான் காட்டுவார். ஆனால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்கக் கூடாது. வீடு, வீட்டுமனை, கடை வாங்கலாம். எத்தனை வாங்கலாம் என்ற உச்சவரம்பும் கிடையாது.

'என் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தானே' என்று பலர் கேட்பார்கள். இங்கே அது கணக்கில் வராது. வேலைக்கென்று வெளிநாடு போய்விட்டால் இந்தச் சட்டத்தின் பார்வையில் நீங்கள் வெளிநாடுவாழ்பவர். கல்வராயன் மலையடிவாரத்தில் 'பண்ணை வீட்டு மனை' என்று யாராவது விற்க வந்தால், பெயரில் மனை இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பட்டா, அடங்கலில் புஞ்சை என்று இருக்கிறதா, நகர் ஊரமைப்புத் துறையின் மனைப்பிரிவு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத புஞ்சைத் துண்டு உங்களுக்கு விவசாய நிலம்தான்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பெரும்பாலும் இதைக் கேட்க மாட்டார்கள். ஆதார் அட்டையும் ஊர் முகவரியும் இருந்தால் பத்திரம் பதிவாகிவிடும். பதிவாகிவிட்டதால் செல்லும் என்று ஆகாது. தவறு தெரியவந்தால், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட சட்டத்தில் இடமுண்டு.

அப்பா தன் நிலத்தை மகன் பேருக்கு 'செட்டில்மென்ட்' எழுதி வைப்பது நம் ஊர்ப் பக்கம் சாதாரணம். மகன் வெளிநாட்டில் இருந்தால் இதுவும் கூடாது, ஏனென்றால் செட்டில்மென்ட் என்பது தானம். விவசாய நிலத்தைத் தானமாகப் பெறவும் தடை உண்டு. அதே நிலம் அப்பா காலத்துக்குப் பின் வாரிசாகவோ உயில் மூலமோ வந்தால் தடையில்லை. ஆகவே அப்பா எழுத வேண்டியது உயில். வெளிநாடு போகுமுன் உங்கள் பேரில் இருந்த நிலத்தையும் வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது மட்டும் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க வேண்டும்.

'அப்படியானால் அம்மா பேரில் வாங்கிவிடுகிறேன்' என்பது அடுத்த யோசனை. குவைத்தில் டிரைவராக இருக்கும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அம்மா கணக்குக்கு 20 லட்சம் அனுப்புகிறார். மகன் கொடுத்ததால் அம்மாவுக்கு அதில் வருமான வரி இல்லை. அம்மா தன் பேரில் கொல்லை வாங்குகிறார். இது உண்மையான அன்பளிப்பாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. நிலம் அம்மாவுடையது, மகனுடையது அல்ல. 'பேர் அம்மாவுக்கு, நிலம் எனக்கு' என்ற எண்ணத்தில் வாங்கினால் பினாமிச் சட்டம் குறுக்கே வரும். மனைவி, பிள்ளைகள் பேரில் கணக்கில் காட்டிய பணத்தைக் கொண்டு வாங்குவதற்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. தாய் பேரில் மட்டும் வாங்குவதற்கு இல்லை. இன்னொன்று: இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா உயில் எழுதாமல் காலமானால் அந்த நிலம் அப்பாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். பணம் அனுப்பியவருக்கும் ஒரு பங்குதான். அண்ணன் தம்பி மனஸ்தாபம் பல வீடுகளில் இங்கேதான் தொடங்குகிறது.

சரி, வீடு வாங்குகிறீர்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது என்பது வாங்கும்போது பெரிதாகத் தெரியாது, விற்கும்போதுதான் தெரியும். வெளிநாட்டுச் சம்பளம் வந்து சேரும் கணக்கு என்.ஆர்.இ. ஊர் வாடகை, பழைய சேமிப்பு போன்றவை சேரும் கணக்கு என்.ஆர்.ஓ. இவை போன்ற வெளிநாடுவாழ்பவர் கணக்குகளிலிருந்தோ, வெளிநாட்டிலிருந்து பேங்க் வழியாக நேராகவோதான் விலையைக் கொடுக்கலாம். உண்டியலில் வந்த பணம் கூடாது. தினார் நோட்டும் கூடாது.

40 லட்சத்துக்கு வீடு. 30 லட்சம் என்.ஆர்.இ.யிலிருந்தும் 10 லட்சம் என்.ஆர்.ஓ.விலிருந்தும் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். பின்னால் 60 லட்சத்துக்கு விற்றால், வெளிநாட்டுப் பணமாகப் போட்ட 30 லட்சத்தை அப்படியே திரும்ப எடுத்துப்போகலாம். இந்தச் சலுகை இரண்டு குடியிருப்பு வீடுகளுக்கு மட்டும். மீதி 30 லட்சம் என்.ஆர்.ஓ. கணக்கில் விழும். அதை வெளியே அனுப்ப வரி கட்டி, ஆடிட்டர் சான்றிதழ் வாங்கி, நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற வரம்புக்குள் அனுப்ப வேண்டும்.

வாங்கும்போது என்.ஆர்.இ.யிலிருந்து கொடுத்த 30 லட்சத்தை அப்படிக் கொடுக்காமல் அம்மாவின் சாதாரணக் கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து விற்றவருக்குக் கொடுத்திருந்தால்? அது வெளிநாட்டுப் பணம் என்று பேங்கில் நிரூபிக்கத் திண்டாட வேண்டியிருக்கும். ஆகவே உங்கள் என்.ஆர்.இ. கணக்கிலிருந்து விற்பவருக்கு நேராக அனுப்புங்கள். பத்திரத்தில் கணக்கு எண்ணும் பரிமாற்ற எண்ணும் தேதியும் வரும்படி எழுதச் சொல்லுங்கள். பணவரவுச் சான்றைப் பத்திரத்தோடு ஒரே கவரில் வையுங்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்டால் பேங்கில் அந்தப் பழைய ஏடு கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.