செல்போனில் கேளாமல் பிடிக்கும் சந்தா

கடை செல்போன் இருப்பிலிருந்து பாட்டுச் சேவைக்கென மாதம் 30 ரூபாய் பிடிக்கப்படுவதாகக் கொள்வோம். சேவையை நடத்துவது வேறு நிறுவனமாயினும், பணத்தைப் பிடிப்பது தொலைபேசி நிறுவனமே. ஆகவே செயலியை அழித்துவிட்டால் மட்டும் பிடித்தம் நிற்காது.

அதே எண்ணிலிருந்து 155223க்கு அழையுங்கள், கட்டணமில்லை. நடப்பிலுள்ள சேவைகளைக் கேட்டறிந்து, வேண்டாததை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் இருப்பைப் பாருங்கள்; மீண்டும் குறைந்திருந்தால் சேவை நிற்கவில்லை என்று பொருள்.

சந்தாதாரர் இருமுறை ஒப்புதல் தந்த பிறகே சேவையைத் தொடங்க வேண்டுமென டிராய் 2013இல் உத்தரவிட்டது. ஒப்புதல் தராதவர்கள் நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, தொகையைத் திரும்பக் கேட்கலாம்.

ரீசார்ஜ் விலையிலேயே சேர்ந்து வரும் சேவைக்கு இவ்வழி பொருந்தாது. அடுத்த முறை வேறு திட்டத்துக்கு மாறிக்கொள்வதே வழி.