இவர் எழுதியதா? இவர்களில் யார் எழுதியது?

சென்ற மாதம் மானகிரியில் என் வீட்டுக்கு நண்பர் ஒருவர் பென் டிரைவுடன் வந்தார். பள்ளி ஆசிரியர். போட்டியில் முதல் பரிசுக்குத் தேர்வான கட்டுரை அதில் இருந்தது. "பையன் எழுதவில்லை, அண்ணன் எழுதிக் கொடுத்தது என்கிறார்கள். கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்க முடியுமா சார்?" என்றார்.

இதில் இரண்டு கேள்விகள் உள்ளன. "இது பையன் எழுதியதா, இல்லையா?" என்பது சரிபார்த்தல். "இன்னாரில் யார் எழுதியது?" என்பது கண்டறிதல்.

முதலில் சரிபார்த்தோம். பையன் வகுப்பில் எழுதிய நான்கு கட்டுரைகளை வேர்டில் டைப் செய்தோம். தலைப்புக்கேற்ப மாறும் சொற்களை விட்டுவிட்டு, பழக்கத்தில் தானாக வரும் இணைப்புச் சொற்களை Ctrl+F மூலம் எண்ணினோம். ("ஆனால்" என்று தேடினால் "டாக்டர் ஆனால்" என்பதும் வரும். ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தே எண்ண வேண்டும்.) 1600 சொற்களில் "ஆனால்" 13 முறை வந்தது. "எனினும்" ஒருமுறைகூட இல்லை. போட்டிக் கட்டுரையிலோ 800 சொற்களில் "ஆனால்" 1, "எனினும்" 5.

நண்பர் முகம் வாடிவிட்டது. உடனே முடிவு செய்யாமல், போட்டியில் கலந்துகொண்ட மற்ற மாணவர்களின் கட்டுரைகளையும் அவரவர் வகுப்புக் கட்டுரைகளோடு ஒப்பிட்டோம். பலரும் போட்டி என்றதும் "எனினும்"க்கு மாறியிருந்தார்கள்! ஆக, வித்தியாசத்துக்குக் காரணம் ஆள் மாறியதாகவும் இருக்கலாம், நடை மாறியதாகவும் இருக்கலாம். சரிபார்த்தலில் "சொல்ல முடியாது" என்பதும் ஒரு விடைதான்.

"அண்ணன் கட்டுரையோடும் ஒப்பிடலாமே?" என்றார் நண்பர். அது கண்டறிதல். 1906ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பெயரில்லாத கட்டுரைகள் பல வந்தன. அவற்றை 2000களில் புள்ளியியல் ஆய்வாளர்கள் பாரதியார், சுப்பிரமணிய ஐயர், திரு.வி.க. ஆகிய மூவரின் நடையோடு ஒப்பிட்டார்கள். யாருக்கு நெருக்கம் என்று பார்ப்பதே வழி. எழுதியவர் அந்தப் பட்டியலில் இருந்தால்தான் விடை சரியாகும். நான்காவது ஒருவர் எழுதியிருந்தாலும், மூவரில் நெருக்கமானவர் பெயரையே கணக்கு காட்டும்.

இங்கேயும் அதே ஆபத்துதான். கல்லூரியில் படிக்கும் அண்ணன் எப்போதும் "எனினும்" நடையில் எழுதுபவர். பட்டியலில் இருவர் மட்டும் என்றால் கணக்கு அண்ணனைத்தான் காட்டும். பையனே நடையை மாற்றி எழுதியிருந்தாலும் அப்படித்தான் காட்டும்.

எனவே உங்களிடம் யாராவது இப்படி ஒரு முடிவைக் காட்டினால், எந்தக் கேள்விக்கு விடை அது என்று முதலில் கேளுங்கள். கண்டறிதல் என்றால் பட்டியலில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். சரிபார்த்தல் என்றால் அதே வகைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள்.

நண்பர் பரிசை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு முதல் போட்டிக் கட்டுரையை வகுப்பிலேயே எழுத வைக்கப் போகிறாராம்.