முகம் மாறியிருக்கிறது, அம்மு

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய படங்களில் பேரன் இருக்கிறான், மாப்பிள்ளை இருக்கிறார், உன் அத்தையும் இருக்கிறார். உன் கைகள் மட்டும்தான் எங்கேயாவது தெரிகின்றன. ஏன் என்று கேட்டால், “கன்னமெல்லாம் மங்கு பரவிடுச்சும்மா. உன் கடையில நல்ல க்ரீம் இருந்தா அனுப்பு” என்கிறாய். இத்தனை வருடம் மருந்துக்கடையில் நிற்பவள் என்பதால்தான் க்ரீமை அனுப்பாமல் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் குழந்தை அழுதுவிடுவான்.

ஏழாம் மாதத்தில் தொப்புளிலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு விழுந்ததே, நினைவிருக்கிறதா? மங்குக்கும் அதற்கும் காரணம் ஒன்றுதான். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான் முதலான ஹார்மோன்கள் ஏறும்போது, தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்கின்றன. அக்குளும் கழுத்தும் கறுப்பது அதனால்தான். பிரசவமானதும் ஹார்மோன் இறங்கிவிடும், வயிற்றுக் கோடும் மெல்ல மங்கிவிடும். முகம் மட்டும் பின்தங்குவதற்குக் காரணம் வெளிச்சம். வயிற்றை வெயில் பார்ப்பதில்லை. கன்னம், நெற்றி, மேலுதடு மூன்றும் நாள் முழுக்க வெளிச்சத்தில் இருக்கின்றன. ஹார்மோன் தூண்டிவிட்ட செல்களை, ஹார்மோன் போன பிறகும் வெளிச்சம் தூண்டிக்கொண்டே இருக்கிறது.

பலருக்குச் சில மாதங்களில் நிறம் குறையும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது முழுவதும் போகாமல் நிற்பதும் சகஜம். பழுப்பாக, ஓரம் தெளிவாகத் தெரிந்தால் நிறமி பெரும்பாலும் மேல்தோலில் இருக்கிறது, அது சிகிச்சைக்கு ஓரளவு வழிவிடும். சாம்பல் பூத்த மாதிரி, ஓரம் தெரியாமல் இருந்தால் ஆழத்தில் இறங்கியிருக்கிறது, பூச்சு மருந்துக்கு எளிதில் மசியாது. உன்னைப் பெற்றபோது வந்த மங்கு என் கன்னத்தில் இன்னும் இருக்கிறது. சித்திரையில் கறுக்கும், மார்கழியில் வெளுக்கும். உன் அப்பா ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவர் கவனிக்கவே இல்லை என்பது என் சந்தேகம்.

இப்போது நீ கேட்ட க்ரீமுக்கு வருகிறேன். போன வருடம் உன் வயதுப் பெண் ஒருத்தி காலி ட்யூப் ஒன்றை நீட்டி, “இதே வேணும்க்கா” என்றாள். பக்கத்து வீட்டில் யாரோ சொல்லி வாங்கியதாம். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆனதாம். அதில் இருந்தவை ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன். மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. தோல் மருத்துவர் கணக்காகச் சில வாரம் கொடுத்து நிறுத்தும் மருந்தை அவள் மாதக்கணக்கில் ஃபேஸ் க்ரீமாகப் பூசியிருந்தாள். கன்னத்தோல் மெலிந்து, சிவப்பு நூல் போல ரத்தக்குழாய்கள் தெரிந்தன. தாடையில் பூனை முடியும் பருவும். ஒருநாள் பூசாவிட்டால் எரிகிறது, சிவக்கிறது, அதற்காகவே மறுபடி பூசுகிறாள். நான் அதைக் கொடுக்காமல் தோல் டாக்டரிடம் அனுப்பினேன். எரிச்சல் அடங்கவே மாதங்கள் ஆயின. அதற்குப் பிறகு பார்த்தால் மங்கு முன்னைவிட அடர்த்தியாக அங்கேயே இருந்தது.

2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணையில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கும் கடைகள் இருக்கின்றன. ட்யூபின் பின்பக்கம் மொமெட்டாசோன், பீட்டாமெத்தாசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று எது இருந்தாலும் கீழே வை. என்ன கலந்திருக்கிறது என்றே அச்சிடாத சிவப்பழகு க்ரீம் இதைவிட மோசம். அவற்றில் பாதரசம் இருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் பக்கம் சிறுநீரகம் பாதித்து வந்த சிலரை விசாரித்தபோது, அவர்கள் இப்படிப்பட்ட க்ரீம் பூசியது தெரியவந்தது. உன் கன்னத்தில் கன்னம் உரசும் ஒருவன் வீட்டில் இருக்கிறான்.

பால் கொடுக்கும் காலத்தில் ஹைட்ரோகுயினோனையும் ட்ரெட்டினாயினையும் மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அசெலாயிக் அமிலம் என்ற பூச்சு இந்தக் காலத்துக்கும் ஒத்துவரும். வேகம் குறைவு, பலன் தெரிய மூன்று நான்கு மாதம் ஆகும். அதையும் டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும். எலுமிச்சையைத் தேய்க்கச் சொல்லி யாராவது வந்தால் சரி என்று தலையாட்டிவிட்டுத் தேய்க்காதே. அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகி, புதுக் கறுப்பு விழும்.

இன்றே செய்யக்கூடியது வெளிச்சத்தை மறிப்பது. நீ பால் கொடுக்க உட்காரும் ஜன்னலோர நாற்காலியைத் தள்ளிப் போடு. கண்ணாடி வழியாகவும் மங்கைக் கறுக்கவைக்கும் கதிர் உள்ளே வரும். சன்ஸ்க்ரீன் வாங்கினால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், லேசாகத் தோல் நிறம் கலந்ததாக, அயர்ன் ஆக்சைடு சேர்ந்ததாக வாங்கு. சாதாரண வெள்ளை சன்ஸ்க்ரீன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் தோலில் மங்கைக் கூட்டும், அதைத் தடுக்க அந்த நிறம் வேண்டும். அளவில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குப் பிதுக்கி, அது முழுவதையும் முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். காய்ந்த பிறகு குழந்தையைத் தூக்கு.

நெற்றியோரம் முடி கொட்டுகிறது என்றாயே, அதற்குப் பயப்படாதே. பிள்ளை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டி சொல்வாள். சிரிப்புக்கும் முடிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் கணக்கு சரி. கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம் பிரசவமான இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்குள் சேர்ந்தாற்போல உதிரும். பிறந்தநாள் வருவதற்குள் அநேகமாக முளைத்துவிடும். அதுவரை நெற்றியில் குட்டி முடி சிலிர்த்து நிற்கும்.

இதுவரை சொன்னதையெல்லாம் நீ ஏற்றுக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் பிரசவத்தோடு வருவதுதான் என்று விட்டுவிடாதே. முகம் உப்பி, தோல் வறண்டு, முடி கொட்டுவது நிற்காமல், தூங்கி எழுந்தும் அசதி தீராமல், எல்லோரும் விசிறி கேட்கும்போது உனக்கு மட்டும் குளிர்ந்தால், அது தைராய்டாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு நூற்றில் ஐந்து பெண்களுக்கு அந்தச் சுரப்பியில் அழற்சி வருகிறது. முதல் மாதங்களில் படபடப்பும் எடை இறக்கமும், நான்காம் மாதத்தை ஒட்டி மந்தமும் உப்பலும் என்று இரண்டு கட்டமாக வரும். பிள்ளை பெற்ற அலுப்பு என்றே வீட்டில் சொல்வார்கள். டிஎஸ்ஹெச் என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகும், சிலருக்கு மாத்திரை தேவைப்படும். கூடவே ஹீமோகுளோபினையும் பார். ஆறு மாதம் போட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையை நீ நிறுத்திவிட்டாய் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே.

கருத்தடை பற்றி டாக்டரிடம் பேசும்போது மங்கு இருப்பதையும் சொல். ஹார்மோன் மாத்திரை அதைக் கூட்டக்கூடும், காப்பர் டி-யில் ஹார்மோன் கிடையாது. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. அத்தையை விசாரித்ததாகச் சொல்.

அம்மா