பத்து நிமிடமும் ஆறு ஸ்லைடும்

பதவி உயர்வுக் குழு பத்து நிமிடம் பேசச் சொன்னால், பலரும் ஐந்தாண்டு வேலையை இருபது ஸ்லைடுகளில் அடுக்கிவிடுகிறார்கள். ஆறு போதும். அதிலும் ஒரே ஒரு சாதனையை முழுதாக விளக்குவதே பலன் தரும்.

வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் ஷிப்ட் சூப்பர்வைசர் ஒருவர் உற்பத்தி மேலாளர் பதவிக்குப் போட்டியிடுவதாக வைத்துக்கொள்வோம். "கழிவைக் குறைத்தேன்" என்று அவர் எழுதினால் எதுவும் விளங்காது. "நூற்றுக்கு நான்கு பாகங்கள் கழிந்தன. ஷிப்ட் மாறிய முதல் அரைமணியில்தான் பெரும்பாலானவை என்று பதிவேட்டில் கண்டேன். பொறுப்பை ஒப்படைக்கும்போது இயந்திர அளவுகளைச் சரிபார்க்க வைத்தேன். ஆறு மாதத்தில் அது இரண்டானது" என்றால் அவர் யோசிக்கும் விதம் தெரிகிறது. அதே காலத்தில் புது இயந்திரமும் வந்திருந்தால், அதை அவரே சொல்லிவிட வேண்டும். குழுவில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். அணியினர் செய்தது எது, தான் முடிவெடுத்தது எது என்பதையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

நேரத்தில் பாதியை எதிர்காலத் திட்டத்துக்கு ஒதுக்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: பழைய வேலையையே இன்னும் நன்றாகச் செய்வதாகச் சொல்கிறார்கள். மேலாளருக்கோ மூன்று ஷிப்டும் பொறுப்பு. முதல் மூன்று மாதத்தில் எதை மாற்றுவீர்கள், என்ன செலவாகும், எதைத் தள்ளிப்போடுவீர்கள் என்று சொல்லுங்கள். அந்தச் செலவுக் கணக்கை முன்கூட்டியே நிதிப் பிரிவில் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.