வன்றாயியின் கீழே: இல்லாத இடைவெளியில் தேங்கும் குருதி

மூளையைப் போர்த்திருக்கும் மூன்று உறைகளுள் புறத்தே அமைந்ததனை வன்றாயி என்றும், மூளையோடு ஒட்டிக் கிடப்பதனை மென்றாயி என்றும் எமது கலைச்சொல்லாக்கத்தினர் வழங்கினர். உடற்கூற்றியலில் தாய் எங்ஙனம் வந்து சேர்ந்தாள் என்று வியப்போர் உளர். 10ஆம் நூற்றாண்டு அராபிய மருத்துவர் பொருள்களிடையேயுள்ள தொடர்பினை உறவுமுறைப் பெயர்களாற் குறிக்கும் தம் மொழி வழக்கிற்கேற்ப இவ்வுறைகளைத் தாய் என அழைத்தனர். 12ஆம் நூற்றாண்டில் அந்நூல்களை இலத்தீனாக்கியோர் அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தனர். அங்கிருந்து அது எம்மிடம் வந்தது. இரு தாயருக்கும் நடுவே அமைந்தது சிலந்திவலை போன்ற நூலிழைகளை உடைமையால் சிலந்திப்படலம் எனப்படும்.

இவ்வுறைகளைப் பற்றிய பாடநூல் விளக்கங்கள் பெரும்பாலும் மூன்று இடைவெளிகளைக் கூறி, அம்மூன்றிலும் குருதி தேங்கலாம் என்று முடிக்கும். மாணவர் மனப்பாடம் செய்வதற்கு இது வசதியானதே. ஆயின் அம்மூன்றும் ஒரே வகையான இடைவெளிகள் அல்ல. சிலந்திப்படலத்தின் கீழுள்ளது மாத்திரமே உண்மையான இடைவெளி. அங்கு மூளை முண்ணாண் பாய்பொருள் எப்போதும் நிறைந்துள்ளது. மூளையின் பெரிய நாடிகளும் அதனூடாகவே செல்கின்றன. அவற்றுள் ஒன்றின் புடைப்பு வெடிக்குமாயின் அக்கணமே, இடி விழுந்தாற்போன்ற தலைவலியுடன், குருதி அப்பாய்பொருளிற் கலந்து பரவும். மண்டையோட்டுக்கும் வன்றாயிக்கும் இடையே இயல்பில் இடைவெளி எதுவுமில்லை. பொட்டெலும்பு உடைந்து அதன் உட்புறத்தே ஓடும் நடு மூளையுறை நாடி கிழியும்போது, நாடியின் அமுக்கம் வன்றாயியை எலும்பினின்றும் உரித்துத் தனக்கு இடம் செய்துகொள்கின்றது. இது மணித்தியாலக் கணக்கில் நிகழும் விபத்து.

வன்றாயிக்கும் சிலந்திப்படலத்துக்கும் இடையேயுள்ள மூன்றாவது இடமே இக்கட்டுரையின் பொருளாகும். நீண்டகாலம் அதுவும் ஓர் இடைவெளி என்றே கொள்ளப்பட்டது. இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையுடன் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 1991இல் டுவேன் ஹெயின்ஸ் என்னும் உடற்கூற்றறிஞர் அக்கொள்கையை மறுத்தார். வன்றாயியின் அடிப்புறத்தில் தட்டையான கலங்களாலான ஓர் எல்லைப் படை உண்டு. கலங்களைப் பிணைக்கும் வலிய நார்கள் அதில் இல்லை. கலங்களுக்கிடையேயான பிணைப்புகளும் மிகச் சிலவே. நலமுள்ள உடலில் அங்கு வெளி எதுவும் இல்லை; உள்ளது நலிந்த ஒரு படையே. குருதி அப்படையைப் பிளந்துகொண்டு நுழையும்போதுதான் 'இடைவெளி' தோன்றுகின்றது. குருதி ஓரிடத்திற் சென்று தேங்குகிறது என்பதிலும், அது தான் தேங்கும் இடத்தைத் தானே உண்டாக்குகிறது என்பதே சரி. சொல்வேறுபாடு போலத் தோன்றினும், நோய் வளரும் முறையை விளங்கிக்கொள்வதற்கு இது இன்றியமையாதது.

அக்குருதி வருவது நாளங்களிலிருந்தாகும். வன்றாயி ஈரடுக்கு உடையது. அவ்விரண்டும் சிற்சில இடங்களிற் பிரிந்து நிற்க, அப்பிரிவுகளில் மூளையின் கழிகுருதியை ஏந்திச் செல்லும் நாளக்குடாக்கள் அமைகின்றன. அவற்றுட் பெரியது நெற்றியிலிருந்து பிடரிவரை, உச்சிக் கோட்டின் கீழே செல்லும் மேல் நெடுங்குடா. அதன் சுவர் விறைப்பானது, ஏனைய நாளங்களைப் போலச் சுருங்கி ஒட்டுவதில்லை, வால்வுகளும் இல்லை. மூளையின் மேற்பரப்பிலிருந்து சிறு நாளங்கள் சிலந்திப்படலத்தைத் துளைத்து, அந்நலிந்த எல்லைப் படையைக் கடந்து, இக்குடாவிற் சேர்கின்றன. இவற்றைப் பால நாளங்கள் என்பர். பாலத்தின் ஒரு முனை அசையும் மூளையிலும், மறுமுனை எலும்போடு பிணைந்த அசையா வன்றாயியிலும் பொருந்தியிருப்பதே இங்குள்ள இடர்ப்பாடு. முதுமையில் மூளை சுருங்குகின்றது, மண்டையோடு சுருங்குவதில்லை. பால நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. நெடுங்கால மதுப்பழக்கமும் மூளையை இவ்வாறே சுருக்கும். இந்நிலையில் கதவுநிலையில் தலை இடிபடுவதே போதும்.

பொதுவாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டினை நோக்குவோம். அமெரிக்க முன்னாள் சனாதிபதி றொனால்ட் றேகன் 1989 யூலை 4ஆந் திகதி மெக்சிக்கோவில் ஒரு பண்ணையில் குதிரையினின்றும் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 78. மருத்துவமனையிற் பார்த்தபின் அவர் தம் வழமைக்குத் திரும்பினார். செப்ரெம்பரில் மேயோ மருத்துவ நிலையத்தில் வழக்கமான உடற்பரிசோதனையின்போது மூளையின் வலப்புறத்தில் குருதி கலந்த பாய்பொருள் தேங்கியிருப்பது தெரியவந்தது. 8ஆந் திகதி மண்டையோட்டில் துளையிட்டு அது வெளியேற்றப்பட்டது. வீழ்ச்சிக்கும் சத்திரசிகிச்சைக்கும் இடையே 66 நாள்கள். அவரது அரசியல் பற்றி இக்கட்டுரையாளனுக்குள்ள கருத்து இங்கு வேண்டப்படுவதன்று. ஆயினும் வருடந்தோறும் உடலைப் பரிசோதிக்கும் வசதி இல்லாத ஒரு முதியவருக்கு அந்த 66 நாள்களும் எவ்வாறு கழியும் என்று சிந்திப்பது தகும். சில கிழமைகளாகத் தலைவலி; நடையில் தள்ளாட்டம்; ஒரு கையிலிருந்து பொருள் நழுவுதல்; ஒருநாள் தெளிவும் மறுநாள் குழப்பமுமாகப் பேச்சு. விழுந்ததை அவர் மறந்திருப்பார். வீட்டார் அறிந்திருக்கவே மாட்டார்கள். வயது போய்விட்டது, அறளை பெயர்ந்துவிட்டது என்று விட்டுவிடுவர். முதுமை மறதி ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். இதுவோ கிழமைக்கணக்கில் முற்றும், நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இவ்வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுவதனால், தீர்க்கக்கூடிய நோயொன்று தீராத நோயின் பெயரால் கைவிடப்படுகின்றது.

இலக்கிய மாணவருக்கு இங்கு பல்ஸாக்கின் பியெரெற் (1840) நினைவுக்கு வரும். பெற்றோரை இழந்த சிறுமி, ஓய்வுபெற்ற கடைக்காரரான உறவினர் வீட்டில் வேலைக்காரிபோல் நடத்தப்படுகிறாள், தலையில் அடிபடுகிறாள், நோய் முற்றியபின் மண்டையோடு துளைக்கப்பட்டும் இறக்கிறாள். பிற்கால மருத்துவ எழுத்தாளர் சிலர் இதனை இந்நோயின் தொடக்ககால விவரணமாகக் காட்டுவர். முதியோரைப் பெரிதும் தாக்கும் நோயைச் சிறுமி ஒருத்தியில் அத்துணை உறுதியாக இனங்காண்பது எமக்கு உடன்பாடன்று. எனினும் அடி, இடைக்காலம், தலைவலி, துளையிடல் என்னும் ஒழுங்கைப் பல்ஸாக் கண்டிருந்தார் என்பதில் ஐயமில்லை.

மருத்துவரோ அவ்வொழுங்கைக் காணப் பல்லாண்டு சென்றது. 1857இல் ருடோல்வ் விர்ச்சோவ், வன்றாயியின் உட்புறத்தே சவ்வுகளுக்கிடையில் பழைய குருதி தேங்கியிருப்பதை ஆராய்ந்து, இது வன்றாயியின் அழற்சி என்றார்: முதலில் சவ்வு உண்டாகிறது, பின்னர் அச்சவ்வின் குழாய்களிலிருந்து குருதி கசிகிறது. இத்தகைய சவ்வு மனநோய் விடுதிகளில் இறந்தோரிடம் அடிக்கடி காணப்பட்டமை இக்கருத்துக்கு வலுவூட்டியது. அவ்விடுதிகளில் விழுந்தெழும்பிய ஏழைகளின் காயங்களை எவர் குறித்துவைத்தனர் என்ற வினா அன்று எழவில்லை. தைபசுக் காய்ச்சலுக்கு வறுமையே காரணமென 1848இல் எழுதிய விர்ச்சோவ்கூட அதனை எழுப்பவில்லை. 1914இல் இலண்டன் சத்திரவைத்தியர் வில்பிரட் ட்றொட்டர் இதனை மறுத்து, மறந்துபோகுமளவு சிறிய காயமொன்றினால் கிழிந்த நாளமே மூலமென நிறுவினார். அதன்பின் விர்ச்சோவின் சவ்வு பின்தள்ளப்பட்டது.

ஆனால் ட்றொட்டரின் விளக்கம் ஒரு வினாவைத் தீர்க்கவில்லை. நாளத்தின் அமுக்கம் சொற்பம். கசிவு விரைவில் நின்றுவிடும். அவ்வாறாயின் தேக்கம் பல கிழமைகளாக ஏன் பெருகுகின்றது? உடைந்த குருதி நீரை உறிஞ்சிப் பெருக்கிறது என்று 1930களில் ஒரு கொள்கை எழுந்தது. தேங்கிய பாய்பொருளின் செறிவு குருதியின் செறிவை ஒத்திருப்பதை 1971இல் பிறைஸ் வெயர் அளந்து காட்டியதும் அது வீழ்ந்தது. இன்று ஏற்கப்படும் விளக்கம் இதுவே: பிளவுண்ட எல்லைப் படையின் கலங்கள் குருதியைக் காயமாகக் கருதி ஆற்ற முற்படுகின்றன. சில கிழமைகளில் தேக்கத்தைச் சுற்றி ஒரு சவ்வு உருவாகிறது. அதன் வெளிப்புறத்தில் முளைக்கும் புதிய மயிர்க்குழாய்கள் அவசரத்திற் கட்டிய சுவர்போல் ஒழுகுவன. கசியும் குருதி உறைய முனைகையில், உறைவைக் கரைக்கும் பொருள்களையும் அச்சவ்வே சுரக்கிறது. ஆகவே கசிவு அடைபடுவதில்லை. கசிவு அழற்சியை வளர்க்க, அழற்சி மேலும் கசியும் குழாய்களை வளர்க்கிறது. தொடங்கிவைப்பது ட்றொட்டரின் நாளம். தொடர்ந்து நடத்துவது விர்ச்சோவின் சவ்வு.

சி.ரி. படத்தில் இதனை வடிவத்தால் அறியலாம். எலும்புக்கும் வன்றாயிக்கும் இடைப்பட்ட தேக்கம், வன்றாயி எலும்புப் பொருத்துகளில் இறுகப் பற்றியிருப்பதால் அவற்றைத் தாண்டாது வில்லைபோற் புடைத்து நிற்கும். வன்றாயியின் கீழுள்ளதோ பொருத்துகளைத் தாண்டிப் பிறைபோற் பரவும். அரைக்கோளங்களைப் பிரிக்கும் வன்றாயி மடிப்பு மட்டுமே அதனைத் தடுக்கும். ஏமாற்றுவது நிறமே. புதிய குருதி வெண்மையாகவும், மூன்று கிழமைகளின் பின் கருமையாகவும் தெரியும். இடைப்பட்ட காலத்தில் அது மூளையின் நிறத்தையே ஒத்திருக்கும். அப்போது மூளையின் மடிப்புகள் எலும்பை எட்டாமையும், நடுக்கோடு ஒருபுறம் சாய்ந்திருப்பதுமே சான்று. இருபுறமும் தேக்கம் சமமாக இருப்பின் நடுக்கோடும் சாயாது. முதியவர் ஒருவரின் மூளை வயதுக்கு மீறிய நிறைவுடன் காணப்படின், அந்நிறைவே ஐயத்தைத் தூண்ட வேண்டும்.

சிகிச்சை எளியது. துளையிட்டுக் கழுவினால் இயந்திர எண்ணெய் போன்ற கரிய பாய்பொருள் வெளிவரும். பலர் சில நாள்களிலேயே பேச்சும் நடையும் மீளப்பெறுவர். ஆனால் சவ்வு எஞ்சியிருப்பதால் தேக்கம் திரும்பலாம். 2009இல் கேம்பிறிட்ஜில் 215 நோயாளரிடம் நடந்த ஆய்வில், வடிகுழாயை இரு நாள்கள் விட்டுவைத்தோருள் 9.3 சதவீதத்தினருக்கும், விடாதோருள் 24 சதவீதத்தினருக்கும் மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. ஒரு சிறு குழாய் செய்த வேறுபாடு இது. அழற்சியே காரணமாயின் அதனை அடக்கும் டெக்சாமெதசோன் உதவும் என எதிர்பார்த்து நடந்த பிரித்தானிய ஆய்வின் முடிவு 2020இல் வெளியாயிற்று. மீள்சிகிச்சை குறைந்தது உண்மையே. எனினும் ஆறு மாதங்களின் பின் நல்ல நிலையில் இருந்தோர் மருந்து பெற்றவரிடையே 83.9 சதவீதம், பெறாதவரிடையே 90.3 சதவீதம். சவ்வை அடக்கிய மருந்து முதியவரின் உடலை வேறு வழிகளில் வருத்தியது.

அண்மைக்காலத்தில் கவனம் பழைய நாடியொன்றின்மேற் சென்றுள்ளது. வன்றாயிக்குக் குருதி வழங்குவது, எலும்பு முறிவிற் கிழிவதாக முன்னர் கூறிய அதே நடு மூளையுறை நாடியாகும். கசியும் சவ்வின் குழாய்களும் அதனையே நம்பியுள்ளன. தொடை அல்லது மணிக்கட்டு நாடியூடாக நுண்குழாய் செலுத்தி அதனை அடைத்துவிடின் சவ்வு வாடும். 2024இல் வெளியான ஓர் ஆய்வில், சத்திரசிகிச்சையோடு இவ்வடைப்பும் பெற்றோருள் 4.1 சதவீதத்தினருக்கும், சத்திரசிகிச்சை மட்டும் பெற்றோருள் 11.3 சதவீதத்தினருக்கும் 90 நாள்களுள் மீள்சிகிச்சை வேண்டியிருந்தது. இதற்கும் இடர் உண்டு: இந்நாடியின் கிளை சிலரிடம் கண்ணின் நாடியுடன் இணைந்திருப்பதால், அடைக்கும் பொருள் வழிதவறிச் சென்று பார்வையைப் பறிக்கலாம். ஆதலால் அடைப்பதற்கு முன் அவ்விணைப்பு உண்டா எனப் படமெடுத்துத் தேடுதல் வேண்டும். அதற்கேற்ற கதிர்ப்படக் கூடமும் பயின்ற கையும் இல்லாதவிடத்து, துளையும் வடிகுழாயுமே இன்றும் போதிய சிகிச்சையாகும்.