ஓவியரின் முகவரி 150 எழுத்துகளில்

கோவில்பட்டியில் ஓவியக்கூடம் நடத்திய சி. கொண்டையராஜுவின் சாமி படங்கள் காலண்டர்களாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. படத்தின் ஓரத்தில் அச்சான கையெழுத்துதான் அவருக்கு விளம்பரம். அதைப் பார்த்த அச்சக முதலாளி கோவில்பட்டிக்கு ஆள் அனுப்பினால் போதும். இன்று ஆனைக்குட்டத்தில் தனியாக உட்கார்ந்து டேப்லெட்டில் வரைபவரை, சில மைல் தள்ளியிருக்கும் சிவகாசி அச்சகக்காரர் இன்ஸ்டாகிராமில்தான் தேடுகிறார். அங்கே கையெழுத்தின் வேலையைச் செய்ய இரண்டே இடங்கள் உண்டு: பெயருக்குக் கீழே வரும் பயோ, பக்கத்தின் உச்சியில் பின் செய்து வைக்கும் பதிவு.

பயோவுக்கு இடம் 150 எழுத்து. தமிழில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது இன்னும் சுருங்கும். 'பெட்டி' என்ற சொல்லே ஆறு. அதனால் 'கலைக் காதலி', 'கனவுகளுக்கு வண்ணம் தீட்டுபவள்' போன்றவற்றுக்கு அங்கே இடமில்லை. வேலை கொடுக்க வருபவர் கேட்பது என்ன வரைவீர்கள், யாருக்கு, எப்படித் தொடர்புகொள்வது என்பவை மட்டுமே. ஒரு மாதிரி:

பட்டாசுப் பெட்டி, காலண்டர், நோட்டு அட்டை ஓவியம்
சிவகாசி, விருதுநகர் அச்சகங்களுக்கு
விலை, நாள் விவரம் முதல் பதிவில்
வேலைக்கு வாட்ஸ்அப் கீழே

இது 138 எழுத்து. கடைசி வரிக்குக் கீழே வாட்ஸ்அப் இணைப்பைக் கட்டாயம் வையுங்கள். அறிமுகமில்லாதவர் இன்ஸ்டாகிராமில் அனுப்பும் செய்தி பெரும்பாலும் Requests என்ற தனிப் பெட்டிக்குள் விழுந்து, பல நாள் கண்ணில் படாமல் கிடக்கும்.

பயோவுக்கு மேலே உள்ள பெயர்க் கட்டத்தைப் பலரும் வீணாக்குகிறார்கள். தேடலில் அகப்பட அது உதவும். வெறும் பெயரோடு நிறுத்தாமல், பக்கத்தில் Illustrator Sivakasi என்று சேர்த்துவிடுங்கள். 14 நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் யோசித்துச் செய்யுங்கள்.

அடுத்து பின் செய்யும் பதிவு. மூன்று வரை பின் செய்யலாம். என் தேர்வு ஒன்றே ஒன்று. நிறைய லைக் வாங்கிய படம் அங்கே வேண்டாம். லைக் போட்டவர்கள் பெரும்பாலும் சக ஓவியர்கள்; அவர்கள் வேலை தர மாட்டார்கள்.

கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு வரைந்த ஒரு லேபிளை எடுத்துக்கொள்வோம். பதிவின் முதல் படம், அச்சாகி மடித்து ஒட்டிய பெட்டியின் புகைப்படமாக இருக்கட்டும். கணினித் திரையில் பளபளக்கும் நீலம் அச்சு மையில் மங்கும் என்பது அச்சகக்காரருக்குத் தெரியும். அச்சான பெட்டியைக் கண்டால்தான் நம்புவார். இரண்டாவது படத்தில் பென்சில் கோட்டையும் முடிந்த படத்தையும் அருகருகே வையுங்கள். மூன்றாவதில் விலை: லேபிள் ஒன்றுக்கு 4,000 ரூபாய் முதல் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் இரண்டு திருத்தம், பத்து நாள், பாதித் தொகை முன்பணம், சி.எம்.ஒய்.கே. நிறத்தில் 300 டி.பி.ஐ. கோப்பு, வெட்டுவதற்குச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல் ஆகியவை அடங்கும் என்று எழுதிவிடுங்கள். நான்காவதில், கேட்பவர் அனுப்ப வேண்டியவை: பெட்டியின் அளவு, சரக்கின் பெயர், கடைசி நாள்.

விலையை வெளியே போடத் தயங்குபவர்கள் அதிகம். 'விலைக்கு மெசேஜ் பண்ணுங்க' என்று எழுதினால் 'ரேட் என்ன?' என்ற ஒற்றை வரிகள் குவியும். பதில் சொன்னதும் ஆளைக் காணோம். தொடக்க விலை கண்ணில் பட்டால் கட்டுப்படியாகாதவர் தாமாகவே விலகுவார். வருகிற விசாரிப்பு குறையும். வேலையாக முடிகிற பங்கு கூடும்.

உரிமை பற்றியும் ஒரு வரி சேருங்கள். பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. பெட்டிக்கு வாங்கிய படத்தையே சுவரொட்டிக்கும் காலண்டருக்கும் போட்டால் தனிக்கட்டணம் வேண்டும் என்றால், பதிவில் சொல்வது அறிவிப்பு மட்டுமே. வேலை தொடங்குமுன் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் வேலை வரவில்லை என்றால், எது பழுது என்று கண்டுபிடிக்க, கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றி, Insights பகுதியைப் பாருங்கள். பக்கத்துக்கு ஆட்கள் வந்தும் இணைப்பைத் தொடவில்லை என்றால் பயோவைத் திருத்துங்கள். தொட்டுப் பேசியும் வேலை அமையவில்லை என்றால் பின் செய்த பதிவில் ஏதோ தெளிவில்லை. ஆளே வரவில்லை என்றால் இரண்டையும் குறை சொல்லிப் பயனில்லை; அச்சகங்களுக்கு நேரில் மாதிரியோடு போய் வர வேண்டியதுதான்.

சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு வெளியாகின்றன. அவற்றில் உங்கள் படம் இடம்பெற வேண்டுமானால், காலண்டர் ஓவியத்தோடு புதிய பதிவைச் சித்திரையிலேயே ஏற்றி, பழையதற்குப் பதிலாகப் பின் செய்துவிடுங்கள்.